பால் பாக்கெட் ஒன்று, பரவல் மூன்று

பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் நிகழ்தகவு பரவல்கள் என்றொரு பாடம். ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலை என மூன்று பரவல்கள். சூத்திரங்களை எல்லாம் சேர்த்து எழுதினாலும் அரைப் பக்கம் தாண்டாது. மனப்பாடம் செய்வதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் மாதிரித் தேர்வு வைத்தால், என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இது எந்தப் பரவல்?" அதை மட்டும் சொல்லிவிட்டால் மீதியைக் கடகடவென்று போட்டுவிடுவார்கள்.

பிள்ளைகள் மேல் குறையில்லை. புத்தகத்தில் ஒவ்வொரு பரவலையும் விளக்கிவிட்டு, அதற்கான பயிற்சிக் கணக்குகளை அதன் கீழேயே கொடுத்திருக்கிறார்கள். பாய்சான் என்று தலைப்புப் போட்ட இடத்தில் வரும் கணக்கு பாய்சானாகத்தான் இருக்கும். அங்கே கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? அம்பது கணக்கு போட்டாலும் எந்தப் பரவல் என்று முடிவு செய்யும் வேலையை ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டார்கள். அந்த வேலை முதன்முதலாக வந்து நிற்பது வினாத்தாளில். அதனால் இந்தப் பாடத்துக்குப் பழைய வினாத்தாளை விட நல்ல பயிற்சி கிடையாது என்பது என் கட்சி. ஆனால் அதைப் பயன்படுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை. அரை லிட்டர் பாக்கெட் நிரப்பும் ஓர் இயந்திரம். பாக்கெட்டில் விழும் பாலின் அளவு இயல்நிலைப் பரவலில் இருக்கிறது. சராசரி 502 மி.லி., திட்ட விலக்கம் 2 மி.லி.

முதல் கேள்வி: ஒரு பாக்கெட்டில் 500 மி.லி.க்குக் குறைவாக இருக்க நிகழ்தகவு என்ன?

இங்கே X என்பது பாலின் அளவு. 501 இருக்கலாம், 501.3 இருக்கலாம், 501.37 இருக்கலாம். அளக்கிற பொருள், எண்ணுகிற பொருள் அல்ல. சராசரியும் திட்ட விலக்கமும் கையில் இருக்கின்றன. இயல்நிலை. Z = (500 − 502)/2 = −1. அட்டவணையில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பரப்பு 0.3413. ஆகவே விடை 0.5 − 0.3413 = 0.1587.

இரண்டாவது கேள்வி: ஒருவர் 5 பாக்கெட் வாங்குகிறார். அவற்றில் ஒன்றுகூட 500-க்குக் குறையாமல் இருக்க நிகழ்தகவு என்ன?

அதே பால், அதே இயந்திரம். ஆனால் X மாறிவிட்டது. இப்போது X என்பது அளவு குறைந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. அது 0, 1, 2, 3, 4, 5 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆறாக இருக்கவே முடியாது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒன்று குறைவு, இல்லையேல் குறைவில்லை. ஒரு பாக்கெட் குறைவாக இருக்கும் நிகழ்தகவு ஐந்துக்கும் ஒன்றே, அதுதான் முதல் கேள்வியில் கிடைத்த 0.1587. இது ஈருறுப்பு: n = 5, p = 0.1587. தேவையானது P(X = 0) = (0.8413)⁵, ஏறத்தாழ 0.4215.

மூன்றாவது கேள்வி: ஒரு லாரியில் 1000 பாக்கெட் ஏற்றப்படுகிறது. 496 மி.லி.க்கும் குறைந்த பாக்கெட் ஒன்றுகூட அதில் இல்லாமலிருக்க நிகழ்தகவு என்ன?

496-க்கு Z = −3. அட்டவணைப்படி p = 0.5 − 0.4987 = 0.0013. இதுவும் எண்ணிக்கைதான், n = 1000 என்று உச்சமும் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் ஈருறுப்பே. ஆனால் (0.9987)¹⁰⁰⁰ என்று எழுதிவிட்டுக் கால்குலேட்டர் இல்லாத தேர்வு அறையில் யார் உட்கார்ந்திருப்பது? n பெரியது, p மிகச் சிறியது, இரண்டையும் பெருக்கினால் 1.3 என்று கைக்கடக்கமான ஓர் எண். இப்படி அமைந்தால் பாய்சானுக்கு மாறிவிடலாம்: λ = 1.3, விடை e^(−1.3) = 0.2725. ஈருறுப்பாகவே போட்டால் 0.2723 வரும். நான்காவது தசம இடத்தில்தான் வித்தியாசம்.

மூன்று கேள்வியிலும் கதை ஒன்றே. பால் என்றால் இயல்நிலை, பல்பு என்றால் ஈருறுப்பு, தொலைபேசி என்றால் பாய்சான் என்று பிள்ளைகள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் இங்கே எதற்கும் உதவாது. பல்பின் ஆயுள் எத்தனை மணி நேரம் என்றால் இயல்நிலை; 4 பல்பில் எத்தனை பழுது என்றால் ஈருறுப்பு. கேட்பது X எது என்பதைத்தான். அதனால் என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் ஒரே கட்டளை, கணக்கைத் தொடுமுன் "X =" என்று எழுதி அதற்கு எதிரே தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். சூத்திரம் அப்புறம்.

அந்த வரியை எழுதினாலே பாதி முடிவாகிவிடும். எடை, உயரம், நேரம், ஆயுள், மதிப்பெண் என்று அளவு ஏதாவது வந்தால் அது இயல்நிலைப் பக்கம். (மதிப்பெண் முழு எண்தானே என்று கேட்கும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எப்போதும் இருக்கும். உண்மைதான். ஆனால் 0 முதல் 100 வரை அவ்வளவு மதிப்புகள் நெருக்கமாக இருப்பதால் தொடர் மாறி போலவே நடத்துகிறோம்.) "எண்ணிக்கை" என்று எழுதியிருந்தால் அடுத்து ஒரே ஒரு கேள்வி: அந்த எண்ணிக்கைக்கு உச்சம் உண்டா?

இந்த உச்சம் என்கிற விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

பழைய வாடகைக் கார் கணக்கு ஒன்று உண்டு. எத்தனையோ புத்தகங்களிலும் வினாத்தாள்களிலும் சுற்றி வருவது. ஒரு நிறுவனத்திடம் 2 கார்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்குக் கேட்கப்படும் கார்களின் சராசரி 1.5, எந்தக் காரும் வெளியே போகாத நாள்கள், கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல வேண்டிய நாள்கள், இவற்றின் விகிதம் என்ன? "2 கார்" என்று கண்ணில் பட்டதும் n = 2 என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் np = 1.5, எனவே p = 0.75 என்று அழகாக வேறு வரும். ஈருறுப்பு என்று முடிவாகிவிடும்.

X = என்று எழுதச் சொன்னால் குட்டு வெளிப்படும். X என்பது ஒரு நாளில் எத்தனை பேர் கார் கேட்கிறார்கள் என்பது. கார் இரண்டுதான் என்பதற்காகக் கேட்பவர்களும் இரண்டு பேரோடு நிற்பார்களா? மூன்று பேர் வரலாம், ஏழு பேர் வரலாம். 2 என்பது நிறுவனத்தின் கையிருப்பு. கேட்பவர்களின் எண்ணிக்கைக்கு அது உச்சம் அல்ல. உச்சம் தெரியாத எண்ணிக்கை, ஆனால் சராசரி தெரியும் என்றால் பாய்சான். λ = 1.5. எந்தக் காரும் போகாத நாள் e^(−1.5) = 0.2231. இல்லையென்று சொல்ல வேண்டிய நாள் என்றால் X > 2, அதாவது 1 − 0.2231 × (1 + 1.5 + 1.125), அது 0.1912. ஈருறுப்பு என்று n = 2 வைத்தவர்களுக்கு P(X > 2) பூஜ்யம் என்று வரும். இல்லையென்று சொல்ல வேண்டிய நாளே வராது என்று அர்த்தம். வினாவில் அப்படி ஒரு நாளைப் பற்றிக் கேட்டிருக்கும்போது விடை பூஜ்யம் வந்தால், தேர்ந்தெடுத்த பரவல் தப்பு என்று கணக்கே சொல்கிறது.

இந்த "உச்சம் இல்லை" என்பதைப் புரியவைக்க நான் சொல்வது குதிரைப் படை விவகாரம். 1898-இல் போர்ட்கீவிச் என்பவர் வெளியிட்ட புத்தகத்தில் வருவது. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் பதிவு. 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். மொத்தம் 122 சாவு, ஆகவே சராசரி 0.61. ஒரு சாவும் நேராத பதிவுகள் 109. பாய்சான் சூத்திரப்படி 200 × e^(−0.61) போட்டால் 108.7. இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு நான் கேட்பேன்: இங்கே n என்ன? குதிரை எத்தனை முறை உதைத்தது, அதில் எத்தனை உதை ஆளைக் கொல்லாமல் விட்டது என்று யாராவது கணக்கு வைத்திருப்பார்களா? நடந்தவை மட்டும் ஏட்டில் இருக்கின்றன. நடக்காதவற்றை எண்ண வழியே இல்லை. வினாவில் அப்படி ஒரு நிலைமை தெரிந்தால் பாய்சான். ஒரு பக்கத்தில் எத்தனை அச்சுப்பிழை, ஒரு நிமிடத்தில் எத்தனை அழைப்பு, ஒரு சந்திப்பில் மாதம் எத்தனை விபத்து, எல்லாமே இந்த ரகம். வராத அழைப்புகளை யார் எண்ணினார்கள்?

வாக்கியத்தில் இதற்கு ஒரு தடயமும் உண்டு. "10 பேனாக்களில் 2" என்பதுபோல் ஒரு கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்துச் சொன்னால் ஈருறுப்பு. "நிமிடத்துக்குச் சராசரியாக 2" என்று ஒரு வீதமாகச் சொன்னால் பாய்சான். ஆனால் உருபை மட்டும் நம்பிவிடக் கூடாது. "ஒரு பக்கத்தில் சராசரியாக 2 பிழைகள்" என்றும் எழுதுவார்கள். அங்கே "இல்" வந்தாலும் பக்கம் என்பது பிழைகளின் கூட்டம் அல்ல, பிழை நேரும் இடம். இப்படி வீதம் தந்தால் அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். 20 வாரத்துக்குச் சராசரியாக 3 மின்தடை என்று சொல்லிவிட்டு ஒரு வாரத்தில் ஒன்றுக்கு மேல் இல்லாதிருக்க நிகழ்தகவு கேட்பார்கள். λ = 3 அல்ல, 0.15. பரவலைச் சரியாகக் கண்டுபிடித்தும் இங்கே மதிப்பெண் போவது அநியாயம்.

உச்சம் இருக்கும் கணக்கிலும் ஒரு வலை விரித்திருப்பார்கள். தலா 4 குழந்தைகள் உள்ள 750 குடும்பங்களில், குறைந்தது ஓர் ஆண் குழந்தையாவது உள்ள குடும்பங்கள் எத்தனை? n எது? 750 என்பார்கள், பெரிய எண்ணுக்கு எப்போதுமே ஒரு கவர்ச்சி. n பெரியது என்றால் பாய்சான் என்று கற்றுக்கொடுத்ததும் நாம்தானே, அங்கேயும் ஓடுவார்கள். மறுபடி X எழுதச் சொல்லுங்கள்: ஒரு குடும்பத்தில் உள்ள ஆண் குழந்தைகளின் எண்ணிக்கை. உச்சம் 4. ஆண், பெண் இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால் n = 4, p = 1/2, விடை 1 − 1/16 = 15/16. அந்த 750 கடைசியில் பெருக்குவதற்காக மட்டும் வந்தது: 703 குடும்பங்கள். இயல்நிலைக் கணக்கில் "1000 மாணவர்களில் எத்தனை பேர்" என்று வருவதும் இதே வேலைக்குத்தான். ஒரு குடும்பத்துக்கு, ஒரு மாணவருக்கு விடை கண்டுவிட்டு அப்புறம் பெருக்க வேண்டும்.

இனி எல்லைத் தகராறு. "5% பல்புகள் பழுது, 100 பல்பில் சரியாக 5 பழுதாக இருக்க நிகழ்தகவு?" ஈருறுப்பா, பாய்சானா? இரண்டும் நியாயமே. ஈருறுப்புப்படி 0.1800, பாய்சான்படி 0.1755. p 0.05 என்பதால் இங்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே நேரம் 5 பல்பு, 40% பழுது என்று ஒரு கணக்கில் λ = 2 என்று பாய்சான் போட்டால், ஒன்றும் பழுதில்லாத நிகழ்தகவு 0.1353 வரும், சரியான விடை (0.6)⁵ = 0.0778. கிட்டத்தட்ட இருமடங்கு. போதாததற்கு அந்தப் பாய்சான், 5 பல்பில் 6 பழுதாக இருக்கவும் ஒரு நிகழ்தகவு தரும். ஆகவே np சிறிதாக வருகிறது என்பது மட்டும் போதாது, p தனியாகவே மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பாய்சான் இங்கே ஈருறுப்புக்குக் கிட்டத்து விடைதான் என்பதை மறந்தால் வரும் வினை இது.

இந்த எல்லைத் தகராறை நம் வினாத்தாள் பெரும்பாலும் தானே தீர்த்துவைக்கும். வினாவின் முடிவில் அடைப்புக்குறிக்குள் e^(−5) = 0.0067 என்று கொடுத்திருந்தால் பாய்சான். P(0 < Z < 1) = 0.3413 என்று இருந்தால் இயல்நிலை. ஒன்றும் இல்லாவிட்டால் ஈருறுப்பு என்று யூகித்துவிடலாம். தேர்வு அறையில் இதைப் பயன்படுத்துவதில் எந்தப் பாவமும் இல்லை, கொடுத்ததே பயன்படுத்தத்தான். ஆனால் வீட்டில் பழகும்போது அந்த அடைப்புக்குறியை விரலால் மறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பழகுவது அடைப்புக்குறி பார்க்கும் கலையைத்தான். கல்லூரிக்குப் போனதும் அட்டவணைப் புத்தகத்தைத் தனியாகக் கையில் கொடுத்துவிடுவார்கள், வினாவில் இந்த உபகாரம் இருக்காது.

வார்த்தைகளில் எதை நம்பக் கூடாது என்பதும் முக்கியம். "குறைந்தபட்சம்", "அதிகபட்சம்", "சரியாக" ஆகிய மூன்றும் எந்தப் பரவல் என்று சொல்லவே சொல்லாது. அவை எந்தெந்த உறுப்பைக் கூட்ட வேண்டும் என்று மட்டும் சொல்கின்றன. "சராசரி" என்ற சொல்லும் தனியாக வந்தால் பயனில்லை, மூன்று பரவலுக்கும் சராசரி உண்டு. அதற்குத் துணையாக என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். சராசரி மட்டும் தந்து எண்ணிக்கை கேட்டால் பாய்சான். சராசரியும் திட்ட விலக்கமும் தந்து ஓர் அளவைப் பற்றிக் கேட்டால் இயல்நிலை. சராசரி 4, பரவற்படி 4/3 என்று தந்து n, p கேட்டால் அது ஈருறுப்பு; npq-வை np-யால் வகுத்தால் q = 1/3, ஆகவே p = 2/3, n = 6. இரண்டும் தந்துவிட்டார்களே என்று Z-ஐத் தேடிப் போக வேண்டாம்.

மூன்றிலும் சேராத ஒன்றும் இருக்கிறது. 20 பாக்கெட் உள்ள ஒரு பெட்டியில் 3 அளவு குறைந்தவை. 4 பாக்கெட்டைத் திருப்பி வைக்காமல் எடுக்கிறோம். நான்கும் நல்லவையாக இருக்க நிகழ்தகவு? p = 3/20 என்று ஈருறுப்பு போட்டால் (0.85)⁴ = 0.5220. ஆனால் ஒரு பாக்கெட்டை எடுத்ததும் பெட்டியில் 19 ஆகிவிடுகிறதே, p நிலையாக எங்கே இருக்கிறது? சரியான விடை 17C4/20C4, அதாவது 2380/4845 = 0.4912. "திருப்பி வைக்காமல்" என்பதோடு பெட்டியும் சிறியது என்றால் எளிய சேர்வு முறைக்குப் போய்விட வேண்டும். ஆலையின் மொத்த உற்பத்தியிலிருந்து 4 எடுத்தால் இந்தக் கவலை இல்லை; நாலு போனதால் அங்கே ஒன்றும் மாறிவிடாது.

இப்போது பழைய வினாத்தாள் விஷயம். 2020 மார்ச் தேர்விலிருந்து இப்போதைய பாடத்திட்டம். அதற்கு முந்திய வணிகக் கணிதத் தாள்களிலும் இந்த மூன்று பரவல்கள் உண்டு. அதிகம் பேருக்குத் தெரியாதது, அறிவியல் பிரிவின் பழைய கணிதத் தாள்களிலும் இவை மூன்றும் இருந்தன என்பதுதான். இப்போதைய கணிதப் புத்தகத்தில் ஈருறுப்போடு நிறுத்திவிட்டதால் அந்தத் தாள்களை யாரும் சீந்துவதில்லை. வணிகக் கணிதப் பிள்ளைகளுக்கு அது புதையல்.

இவற்றிலிருந்து இந்தப் பாடத்து வினாக்களை மட்டும் துண்டுத் தாள்களில் எழுதி, அடைப்புக்குறியை விட்டுவிட்டு, "பாய்சான் பரவலைப் பயன்படுத்தி" என்பதுபோன்ற சொற்கள் இருந்தால் அவற்றையும் அடித்துவிட்டுக் கலைத்து வைத்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டாக எடுத்து, X என்ன, உச்சம் உண்டா, எந்தப் பரவல், அதன் பண்பளவைகள் என்ன என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். கணக்கைப் போடக் கூடாது. இதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்காத இடம். விடை வரும் வரை போடாவிட்டால் கை அரிக்கும். ஆனால் ஒரு கணக்கை முழுதாகப் போடும் நேரத்தில் நாலைந்து கணக்குகளை அடையாளம் கண்டுவிடலாம். தவறிய துண்டுகளைத் தனியாக வைத்து மறுநாள் மறுபடி கலைத்துப் பார்க்கச் சொல்வேன். தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கும். ஒருவருக்கு எப்போதும் n எது என்பதில் குழப்பம், இன்னொருவருக்கு எப்போதும் அலகில்.

கொஞ்சம் பழகியவர்களுக்குக் கடைசியாக நான் கொடுக்கும் துண்டு இது: ஓர் உதவி மையத்துக்கு மணிக்குச் சராசரியாக 2 அழைப்பு வருகிறது. மையம் நாளைக்கு 6 மணி நேரம் திறந்திருக்கும். அந்த ஆறு மணிகளில் சரியாக ஒரே ஒரு மணி மட்டும் அழைப்பே வராமல் போக நிகழ்தகவு என்ன? அழைப்பு என்றதும் பாய்சான் என்று λ = 12 போட்டவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். இதில் X இரண்டு உண்டு. ஒரு மணி நேரத்து அழைப்புகளின் எண்ணிக்கை பாய்சான், அதில் பூஜ்யம் வர நிகழ்தகவு e^(−2) = 0.1353. அழைப்பில்லாத மணிகளின் எண்ணிக்கைக்கோ உச்சம் 6, ஆகவே அது ஈருறுப்பு: 6 × 0.1353 × (0.8647)⁵. ஏறத்தாழ 0.39 வரும், போட்டுப் பாருங்கள்.